ஆறு செயலிகளா, ஒரே செயலியா?

என் மாப்பிள்ளை மருந்து மொத்த வியாபாரம் செய்கிறார். கடைக்காரர்கள் ஆர்டர் போடுவதற்கென்று ஒரு ஆண்ட்ராய்ட் செயலி வைத்திருக்கிறார். அதைக் கவனித்துக்கொள்ள ஆள் தேடியபோது, இரண்டு ரெஸ்யூம்களை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, "மாமா, நீங்க கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இருந்தவங்க, பார்த்துச் சொல்லுங்க" என்றார். வங்கியில் முப்பது வருடம் குப்பை கொட்டியதற்கு இப்படியும் ஒரு மரியாதை!

முதல் பையனுடையதில் ஆறு செயலிகள், ஆண்ட்ராய்ட், ஐஓஎஸ், ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் எல்லாம் இருந்தன. "வெளியீடு முழுதும் என் பொறுப்பு" என்ற வரியும் இருந்தது. இரண்டாமவனுக்கு ஒரே ஒரு ஆண்ட்ராய்ட் செயலி, இரண்டரை வருட வேலை. மாப்பிள்ளைக்கு முதலாமவன்தான் என்று மனதில் முடிவாகியிருந்தது.

எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. 2017இல் அவருடைய முதல் செயலியைச் செய்து கொடுத்தவர் வேலையை விட்டுப் போனார். செயலியில் கையொப்பமிடும் கீஸ்டோர் கோப்பு அவருடைய லேப்டாப்பில் மட்டும் இருந்தது, லேப்டாப் பழுதாகிவிட்டது. அந்தக் கோப்பு இல்லாமல் அந்தச் செயலிக்கு அடுத்த பதிப்பு போடவே வழியில்லை. புதுப் பெயரில் புதுச் செயலி ஏற்றி, ஒவ்வொரு கடைக்காரருக்கும் போன் போட்டு, "பழசை எடுத்துட்டு இதைப் போடுங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. செயலி எழுதுவது வேறு, வெளியிட்டுக் காப்பாற்றுவது வேறு என்று அன்றுதான் புரிந்தது.

ஆறு சுட்டிகளையும் திறந்து பார்த்தேன். இரண்டு பக்கங்கள் இல்லை. ஒன்று கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இதை வைத்து மட்டும் ஒருவரைத் தப்பாக நினைக்கக் கூடாது. நிறுவனம் மூடியிருக்கலாம், செயலியை அவர்களே எடுத்திருக்கலாம். ஸ்டோரில் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும், எழுதியவன் பெயர் இருக்காது. ஆகவே ஆளையே கேட்டோம்: "கன்சோலில் வெளியீட்டுப் பட்டனை அழுத்தியது யார்?" "அதெல்லாம் டீம் லீட் பார்த்துப்பார் சார்" என்றான். ஐபோனில் கேமரா அனுமதிக்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. Info.plist-இல் NSCameraUsageDescription என்ற வரி இல்லாவிட்டால், கேமராவைத் தொட்ட உடனே செயலி மூடிக்கொள்ளும். ஐஓஎஸ்ஸில் கேமரா வேலை செய்த யாரும் ஒரு முறையாவது இதில் இடறியிருப்பார்கள்.

இரண்டாமவனிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: "உன் கையில் கெட்டுப்போன ஒரு வெளியீட்டைச் சொல்லு."

யோசிக்காமல் ஆரம்பித்தான். 47ஆம் பதிப்பைப் பத்து சதவீதம் பேருக்கு மட்டும் விட்டிருக்கிறான். மறுநாள் காலையில் கிராஷ் அறிக்கை பார்த்தால், ஆண்ட்ராய்ட் 7 போன்களில் மட்டும் செயலி திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. தேதிக் கணக்குக்கு java.time சேர்த்திருந்தார்கள்; அது ஆண்ட்ராய்ட் 8 முதல்தான் போனிலேயே உண்டு. உடனே ரோல்அவுட்டை நிறுத்தினான். "ஆனா சார், நிறுத்தினா புதுசா யாருக்கும் போகாது, அவ்வளவுதான். ஏற்கெனவே இறங்கினவங்களுக்குப் பழசு தானா திரும்பாது. versionCode-ஐ 48ஆக்கித்தான் அடுத்ததை அனுப்பணும்."

"பழைய கோடையே 48 என்று அனுப்பியிருக்கலாமே?" என்று மடக்கினேன்.

"47 போனுக்குள்ள இருக்கிற டேட்டாபேஸ் அமைப்பை மாத்திடுச்சு சார். பழைய கோட் அதைப் படிக்காது. நல்லா ஓடிட்டிருந்த போனும் கெட்டிருக்கும். அதனால 47ஐயே திருத்தி, பழைய போன்லயும் java.time ஓடுற மாதிரி பண்ணி அனுப்பினேன்."

இந்தப் பதிலைப் படித்துச் சொல்ல முடியாது, பட்டுத்தான் சொல்ல முடியும். வங்கியில் ராத்திரி புரோகிராம் மாற்றிவிட்டு, காலையில் கவுண்டர் திறக்கும்வரை தூங்காமல் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

என் கட்சி இதுதான். செயலிகளை எண்ணாதீர்கள். ஒரு செயலியின் ஒரு கெட்ட நாளைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பதிப்பு, எப்படித் தெரிந்தது, யார் நிறுத்தியது, அடுத்து என்ன அனுப்பினார்கள் என்று நாலு கேள்வி போதும். முதலாமவனும் கெட்டிக்காரன்தான், வெளியீட்டுக்குத் தனி ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தில் நன்றாகவே வேலை செய்வான். ஆனால் ரெஸ்யூமில் அந்த ஒரு வரியை அவன் எழுதியிருக்க வேண்டாம். இரண்டாமவனுக்கு ஐஓஎஸ் தெரியாது. அதை அவனே சொல்லிவிட்டான். மாப்பிள்ளையின் கடைக்காரர்களில் ஐபோன் வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

அவனே சேர்ந்தான். முதல் நாள் மாப்பிள்ளையிடம் அவன் கேட்டது: "பிளே கன்சோல் கணக்கு யார் பேர்ல இருக்கு சார்? அப்லோட் கீ எங்க வச்சிருக்கீங்க?"

மாப்பிள்ளை அன்று மாலை எனக்குப் போன் செய்து, "சரியான ஆள்தான் மாமா" என்றார்.