சீட்டைக் காட்டினால் போதுமா?



லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் நேற்று ஒரு பெட்டிங் சீட்டின் போட்டோ அனுப்பினான். யாரோ ஒரு 'டிப்ஸ்' ஆசாமி தன் குழுவில் போட்டதாம். மாதம் 50 பவுண்டு கட்டினால் ஜெயிக்கும் டீம்களைச் சொல்வானாம். "சீட்டே இருக்கே மாமா, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! பத்தாவதில் கணக்கில் 92 வாங்கிய பையன் இவன்.

சீட்டில் மூன்று கால்பந்து ஆட்டங்கள், ஒன்றாகக் கோத்தது. விலைகள் 4/5, 6/4, 6/5. கட்டியது 20 பவுண்டு. திரும்பி வந்ததாகக் கீழே அச்சாகியிருப்பது 396 பவுண்டு. எல்லாரும் அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் வாயைப் பிளக்கிறார்கள். மேலிருந்து வாருங்கள்.

4/5 என்றால் 5 கட்டினால் 4 லாபம். கட்டிய பணமும் திரும்பும் என்பதால் பின்னத்தோடு 1 கூட்ட வேண்டும்: 1.80. இந்த ஒன்றைத்தான் பலர் மறக்கிறார்கள். அதேபோல் 6/4 என்பது 2.50, 6/5 என்பது 2.20. முதல் ஆட்டத்தில் 20 பவுண்டு 36 ஆகிறது. அந்த 36 அப்படியே இரண்டாவதில் ஏறி 90. மூன்றாவதில் 198. அவ்வளவுதான். 396 எங்கிருந்து வந்தது?

"மடிப்புல ஒரு 1 மறைஞ்சிருக்கலாம் மாமா, 16/5 ஆ இருக்கும்" என்றான். சரி, அதையும் போட்டுப் பார்த்தேன். 4.20 ஆல் பெருக்கினால் 378. அப்போதும் வரவில்லை. 396 வர வேண்டுமானால் அங்கே 17/5 இருக்க வேண்டும். படத்தில் தெளிவாக 6 தெரிகிறது. ஒரு ஆட்டம் ரத்தாகியிருந்தால் அதை 1 என்று வைத்துக்கொள்வார்கள். தொகை குறையுமே தவிர ஏறாது. சில கடைகள் போனஸ் தருவதுண்டு, ஆனால் இந்தச் சீட்டில் அப்படி ஒரு வரியே இல்லை.

இப்போது 198-ஐயும் 396-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரியாக இரண்டு மடங்கு! 40 கட்டிய சீட்டில் 4-ஐ 2 ஆக்கிவிட்டு, கீழே உள்ள தொகையை மாற்ற மறந்துவிட்டான் என்பதுதான் என் கணிப்பு. சின்னப் பணம் பெரிதாகப் பெருகியதாகக் காட்டினால்தானே ஆள் சேரும்.

கணக்கு சரியாக வந்திருந்தால் மட்டும் நம்பிவிடலாமா? தோற்ற சீட்டை எவன் போட்டோ எடுத்துப் போடுகிறான்?

"20-ஐ 9.9 ஆல் பெருக்கினால் எவ்வளவு என்று அந்தக் குழுவிலேயே கேள்" என்று பையனிடம் சொன்னேன். கேட்டிருக்கிறான். இரண்டே நிமிடத்தில் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்களாம்.