நேரசூசி எங்கே முட்டுகிறது?

மன்னார் நகரில் உயர்தர வகுப்பு நடத்தும் ஒரு சிறிய ரியூசன் நிலையத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வெள்ளி நண்பகல் ஜும்ஆவுக்கும் ஞாயிறு காலைத் திருப்பலிக்கும் இடம் விட்டால், முழுநாளாகக் கையில் கிடைப்பது சனிக்கிழமை. இந்த ஆண்டு பரீட்சை எழுதும் மூத்த அணி, அடுத்த ஆண்டு எழுதும் இளைய அணி என இரண்டு அணிகள். பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம், உயிரியல் என நான்கு பாடங்கள். பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஆக, எட்டு வகுப்புகள். இருப்பது மூன்று அறைகள்.

பொறுப்பாளர் வழக்கமாக அறைகளை வைத்தே அட்டவணை போடுவார்: மேலே அறைகள், பக்கத்தில் நேரங்கள். ஒரு கட்டத்தில் ஒரு வகுப்பைத்தான் எழுத முடியும் என்பதால் அறை இரட்டிப்பது கண்ணில் பட்டுவிடும். ஆனால் ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் முதலாம் அறையிலும் மூன்றாம் அறையிலும் இருப்பதை அந்தக் கட்டங்கள் தடுப்பதில்லை. எனவே எழுதி முடித்ததும் ஒவ்வொரு நேரத்தையும் குறுக்காக இரண்டு முறை வாசிக்கவேண்டும். முதல்முறை ஆசிரியர் பெயருக்காக, இரண்டாம்முறை பிள்ளைகளுக்காக.

பிள்ளைகளுக்கான வாசிப்பில்தான் ஒரு வசதியும் இருக்கிறது. கணிதப் பிரிவுப் பிள்ளையும் உயிரியல் பிரிவுப் பிள்ளையும் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஒன்றாகவே இருப்பார்கள். ஆனால் இணைந்த கணிதம் படிப்பவருக்கு உயிரியல் இல்லை. ஆகவே ஓர் அணியின் கணிதமும் உயிரியலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அறைகளில் நடக்கலாம்; மற்ற எந்தச் சோடியும் அப்படி நடக்க முடியாது.

இனி, எத்தனை நேரங்கள் வேண்டும்? ஒரு பிள்ளைக்கு மூன்று பாடங்கள், ஓர் ஆசிரியருக்கு இரண்டு வகுப்புகள். எட்டு வகுப்புகளை மூன்று அறைகளுக்குப் பங்கிட்டாலும் மூன்று நேரங்கள் போதும். காலை, நண்பகல், பிற்பகல் என அவை கச்சிதமாகவே பொருந்துகின்றன:

| நேரம் | மூத்த அணி | இளைய அணி |
|---|---|---|
| காலை | பௌதிகவியல் | இரசாயனவியல் |
| நண்பகல் | இரசாயனவியல் | கணிதம், உயிரியல் |
| பிற்பகல் | கணிதம், உயிரியல் | பௌதிகவியல் |

இப்போது பௌதிகவியல் ஆசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் வழியாக வருபவர் என்று வைப்போம். காலை வகுப்புக்கு அவரால் வந்து சேர முடியாது. அதனால் குழப்பமில்லை, அட்டவணையைச் சற்று மாற்றினால் சரி. ஆனால் வவுனியாவிலிருந்து வரும் இரசாயனவியல் ஆசிரியரும் "எனக்கும் நண்பகலிலிருந்துதான்" என்று சொன்னால் எல்லாம் முட்டிக்கொள்ளும். இரண்டு அணிகளுக்கும் நண்பகலும் பிற்பகலும் அந்த இரு பாடங்களால் நிரம்பிவிடும். எஞ்சுவது காலை மட்டும். அப்போது மூத்தோருக்கும் இளையோருக்கும் ஒரே கணித ஆசிரியர் ஒரே வேளையில் நிற்கவேண்டும். உயிரியலிலும் அதே கதை.

கவனியுங்கள்: ஆசிரியர் இருவருக்கும் தலா இரண்டு வகுப்பு, இரண்டு நேரம் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் மூன்று பாடத்துக்கு மூன்று நேரம் இருக்கிறது. தனித்தனியாக எண்ணினால் எல்லாம் போதும். சேர்த்து வைத்தால் முடியாது. நான்காவது அறை கட்டினாலும் தீராது, ஏனெனில் தட்டுப்பாடு அறையில் இல்லை. ஆசிரியர்கள் இன்ன நேரம்தான் வருவோம் என்ற நிபந்தனை நுழைந்ததும் நேரசூசி கணக்கு அடிப்படையிலேயே கடினமாகிவிடுகிறது என்பதை எவன், இதாய், ஷமீர் என்ற மூன்று கணினி அறிஞர்கள் 1976இல் நிறுவினார்கள். எல்லா நிலைமைக்கும் விரைவாக விடை தரும் வழி எதுவும் இன்றுவரை அறியப்படவில்லை.

எனவே எழுதும் வரிசை முக்கியம். உள்ளூரில் இருப்பவரை முதலில் எழுதிவிட்டு, தூரத்திலிருந்து வருபவருக்கு மிச்சத்தைத் தேடக்கூடாது. யாருக்கு நேரம் மிகக் குறைவோ அவரை முதலில் இருத்தவேண்டும். அப்போது முட்டு, அட்டவணை பாதி எழுதும்போதே தெரிந்துவிடும். பிள்ளைகள் வாசலில் நிற்கும்போது அல்ல.

நமது உதாரணத்தில் இரண்டு வழிகள் உண்டு. மாலையில் நான்காவது நேரம் திறந்து இளையோரின் கணிதத்தையும் உயிரியலையும் அங்கே தள்ளலாம். ஆனால் தலைமன்னார்ப் பிள்ளை வீடு சேர இருட்டிவிடும். மற்றது, இரசாயனவியல் ஆசிரியரிடம் பேசுவது. அவர் காலையில் மூத்தோருக்கும் நண்பகலில் இளையோருக்கும் எடுத்தால், பௌதிகவியல் நண்பகலில் மூத்தோருக்கும் பிற்பகலில் இளையோருக்கும் அமையும். கணிதமும் உயிரியலும் காலையில் இளையோருக்கு, பிற்பகலில் மூத்தோருக்கு. முட்டு எங்கும் இல்லை. காலையில் வரச் சொல்வது அவருக்குச் சிரமம்தான். ஆனால் பிற்பகல் வகுப்பு தொடங்குமுன்பே அவர் வவுனியா பஸ் ஏறிவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.