பங்குச் சந்தையும் எம் மாணவரும்

கணிதத்திலும் வணிகத்திலும் தேர்ச்சி பெற்ற எம் மாணவர் சிலர், பங்குகளை வாங்கி விற்பதையே சீவனோபாயமாகக் கொள்ள விரும்புகின்றனர். அவ்விருப்பத்தை நாம் இகழ்வதற்கில்லை. ஆயினும், பங்கு ஆய்வாளர் உத்தியோகமும் பங்கு வியாபாரமும் ஒன்றல்ல என்பதை அவர்கள் முதலில் உணர்தல் வேண்டும். ஆய்வாளர், கம்பனிகளின் கணக்குகளைப் படித்து அறிக்கை எழுதிச் சம்பளம் பெறுபவர். அத்தகைய இடங்கள் மிகச் சிலவே. வியாபாரியோ, விலையின் ஏற்ற இறக்கத்திலே தம் சொந்த முதலை வைத்து வாழ முற்படுபவர். அத்தொழிலிற் புகுதல் எளிது. ஊதியம் பெறுதலே அரிது.

எத்துணை அரிது? இந்தியப் பங்குச் சந்தைகளை மேற்பார்வை செய்யும் ‘செபி’ 2024ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2024 மார்ச்சுடன் முடிந்த மூன்று நிதியாண்டுகளில் முன்பேர ஒப்பந்த வணிகத்தில் ஈடுபட்ட தனியார் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். அவருள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். செலவு போக ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல் இலாபங் கண்டவர் நூற்றுக்கு ஒருவரே.

‘அஃது இந்தியாவின் கதை, முன்பேர வணிகத்தின் கதை’ எனச் சிலர் கூறலாம். கொழும்பிலே சாதாரணப் பங்கு வாங்குவோரின் கணக்கையும் பார்ப்போம். தரகுக் கூலி, சந்தைக் கட்டணம், அரசிறை ஆகியன சேர்ந்து, வாங்கும்போது நூற்றுக்கு 1.12, விற்கும்போது மீண்டும் 1.12 செலவாகும். ஐந்து இலட்சம் ரூபா முதலுடைய ஒருவர் மாதம் ஒருமுறை முழுவதையும் வாங்கி விற்பின், மாதச் செலவு 11,200 ரூபா. ஆண்டுக்கு 1,34,400 ரூபா. முதலிலே நூற்றுக்கு ஏறத்தாழ 27 ஈட்டிய பின்னரே அவர் நின்ற இடத்தில் நிற்பர். உணவுக்கு வேண்டியதை அதற்கு மேலேதான் தேடல் வேண்டும்.

ஓர் ஆண்டு இலாபத்தைக் கண்டு மயங்குவதும் உண்டு. கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021இல் நூற்றுக்கு 80 வரை ஏறியது. 2022இல் நூற்றுக்கு 30 அளவில் வீழ்ந்தது. ஏறிய ஆண்டில் நூற்றுக்கு 50 ஈட்டியவன் தன்னைச் சமர்த்தனென்று எண்ணியிருப்பான். உண்மையில் அவன் சந்தைக்குப் பின்தங்கியவனே. செலவு போகச் சுட்டெண்ணினும் மிகுதியாக, ஏறிய ஆண்டிலும் இறங்கிய ஆண்டிலும் ஈட்டினானா என்பதே உரைகல்.

இத்திறமைக்கு வேறு களங்கள் இல்லையா? உண்டு. கடன் கேட்டு வரும் கம்பனியின் ஐந்தொகையையும் காசோட்டக் கூற்றையும் படித்து, கடன் திரும்புமா எனத் தீர்மானிக்கும் வங்கி அதிகாரி செய்வது ஆய்வாளர் வேலையே. இலாபங் காட்டும் கம்பனியிற் காசு வராமை, விற்பனையினும் விரைவாகக் கடன்பட்டோர் தொகை பெருகுதல் ஆகிய குறிகளை இருவரும் ஒரே கண்ணால் நோக்குகின்றனர். நிகழ்தகவிலே நாட்டமுடையோர்க்குக் காப்புறுதிக் கணிப்பாளர் தொழில் உண்டு. அங்கே அபாயத்தை அளப்பவர்க்குச் சம்பளம், அதனைத் தாங்குவது நிறுவனம்.

பங்குச் சந்தையை அறவே விலக்குமாறு நாம் கூறவில்லை. ஊதியந் தரும் உத்தியோகம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, மிகுந்த பணத்தை நல்ல பங்குகளில் இட்டு, ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருப்பவர்க்குச் செலவு சிறிது. நாளும் வாங்கி விற்று அடுப்பெரிக்க எண்ணுவதே ஆபத்து.