ஊறுகாய் பாட்டிலில் ஒட்டிய பச்சைச் சுவர்

வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கும் இல்லத்தரசி ஒருவர், பச்சைச் சுவர் முன்பு கண்ணாடி பாட்டிலை வைத்துப் படம் எடுக்கிறார். பின்னணி நீக்கும் செயலியில் போட்டு, வெள்ளைப் பின்னணிக்கு மாற்றுகிறார். மூடி, லேபிள் எல்லாம் கச்சிதம். ஆனால், ஊறுகாய்க்கு மேலே காலியாக உள்ள கழுத்தில் பச்சை நிறம் அப்படியே நிற்கிறது. வாங்க வருபவர், 'பூஞ்சையோ?' என்று நினைத்துவிடுவார்.

செயலி, படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பொருளா, பின்னணியா என்று பிரிக்கப் பார்க்கிறது. கண்ணாடியிலோ ஒரே புள்ளியில் இரண்டும் கலந்திருக்கும். சாம்பிராணிப் புகை, கொசுவலை இழைகளிலும் இதே சிக்கல்தான்.

இதைக் கையால் சரிசெய்யலாம். பிரவுசரிலேயே இயங்கும் போட்டோபியாவில் வெட்டிய படத்தைத் திறந்து, கழுத்துப் பகுதியை மட்டும் தேர்வு செய்யுங்கள். Hue/Saturation-ல் Saturation அளவை -100 ஆக்கினால் பச்சை போய்விடும். அடுத்து தேர்வை நீக்கிவிட்டு, Layer Mask சேர்த்து, கறுப்பு பிரஷ்ஷின் Opacity-ஐ 50% வைத்து, அதே இடத்தில் ஒரே இழுப்பாகத் தடவுங்கள். விட்டுவிட்டுத் தடவினால் திட்டுத்திட்டாகும். வெள்ளை மினுமினுப்பைத் தொடாதீர்கள். கண்ணாடி என்று காட்டுவதே அதுதான்.

புகையையும் வெள்ளை வலையையும் கறுப்புத் துணி முன்பு எடுத்து, லேயரை Screen-க்கு மாற்றினால் கறுப்பு மறைந்துவிடும். ஆனால், புதிய பின்னணி வெள்ளையாக இருந்தால் புகையும் சேர்ந்தே மறையும், அடர்நிறம்தான் சரி.