முதலில் போட்டோஷொப்பைத் திறக்காதீர்கள்

போஸ்டர் செய்துகொண்டிருக்கேக்க கொம்பியூட்டர் நின்றுவிட்டால் எல்லாருக்கும் கை போகிற இடம் ஒன்றுதான்: திரும்ப ஓன் பண்ணி உடனே போட்டோஷொப்பைத் திறக்கிறது. பக்கத்தில நிற்கிறவையும் அதைத்தான் சொல்லுவினம். "திற, தானா வரும்." பலமுறை வரும்தான். ஆனாலும் அது இரண்டாவதாகச் செய்ய வேண்டிய வேலை என்பது என் அபிப்பிராயம். முதல் வேலை ஒரு ஃபோல்டரைக் கொப்பி பண்ணி வைக்கிறது. ஏன் என்று விளங்க, போட்டோஷொப் எதை, எங்கே, எப்போது சேமிக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேணும்.

2012இல் வந்த CS6 பதிப்பிலிருந்து போட்டோஷொப் ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டு வருகிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 நிமிசத்துக்கு ஒருக்கா, திறந்திருக்கிற ஃபைலின் பிரதி ஒன்றைத் தனி ஃபோல்டரில் எழுதி வைக்கும். நீங்கள் சேவ் பண்ணின ஃபைலை அது தொடாது. பெயரே வைக்காத `Untitled-1` ஆக இருந்தாலும் பிரதி எடுக்கும். அந்த ஃபோல்டரின் பெயர் `AutoRecover`. விண்டோஸில் அதுக்குப் போற வழி, விண்டோஸ் கீயோடு R ஐ அமத்தி இதை அடிப்பது:

```
%appdata%\Adobe
```

`AppData` மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர். மவுஸால் தேடிப்போனால் பலருக்குக் கண்ணில் படாது, அதனால்தான் அடித்துப் போகச் சொல்கிறேன். உள்ளே `Adobe Photoshop 2022` மாதிரிப் பதிப்பின் பெயரோடு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ளே `AutoRecover`. சிலருடைய மெஷினில் இரண்டு பதிப்புகள் கிடக்கும். எதில் வேலை செய்தீர்களோ அந்தப் பதிப்பின் ஃபோல்டரைத்தான் பார்க்க வேணும். மற்றதைத் திறந்து "ஒண்டும் இல்லை" என்று கைவிட்டவர்களும் இருக்கினம்.

அங்கே கிடக்கிற ஃபைல் `.psb` என்று முடியும். `.psd` ஐத் தேடிக்கொண்டு போனவருக்கு இது வேறு ஏதோ குப்பை போலத் தெரியலாம். குப்பை இல்லை. பெரிய ஃபைல்களுக்கான போட்டோஷொப்பின் சொந்த வடிவம் அது, லேயர்கள் எல்லாம் அதுக்குள்ளே இருக்கும்.

இந்தப் பிரதியின் ஆயுள் மிகக் குறுகியது. ஃபைலை ஒழுங்காக மூடினால் போட்டோஷொப் அதை அழித்துவிடும். சேவ் பண்ணட்டா என்று கேட்கேக்க `Don't Save` ஐ அமத்தினாலும் அழித்துவிடும். மெஷின் விழுந்து, போட்டோஷொப்புக்கு ஒழுங்காக மூட நேரம் கிடைக்காதபோதுதான் பிரதி மிஞ்சும். பிறகு போட்டோஷொப்பைத் திறந்தால் `Recovered` என்ற சொல்லோடு அது தானாக வரும். அந்த நேரம் பதட்டத்தில், "இது பழசு போல கிடக்கு" என்று நினைத்து சேவ் பண்ணாமல் மூடினீர்கள் என்றால் கதை முடிந்தது. இருந்த ஒரே பிரதியும் போய்விடும். சிலவேளை அந்த ஃபைலைத் திறக்கேக்கயே போட்டோஷொப் திரும்பவும் விழும். ஒவ்வொருமுறையும் அதே ஃபைலைத் திறக்கப் பார்த்து விழுந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: போட்டோஷொப்பைத் திறக்க முதல் `AutoRecover` இல் கிடக்கிறதை பென்ட்ரைவுக்கோ வேறு ஃபோல்டருக்கோ கொப்பி பண்ணுங்கள். அரை நிமிச வேலை. அதுக்குப் பிறகு என்ன நடந்தாலும் கையில் ஒன்று இருக்கும்.

எங்கட பீடத்தில் ஒரு மன்றத்தின் நூல் வெளியீட்டுக்கு போஸ்டர் செய்த தோழியின் கதையை இதுக்கு உதாரணமாகச் சொல்லலாம். A3 அளவு, 300 டிபிஐ, அதாவது 3508க்கு 4961 பிக்சல். இரவு 9.10க்குத் தொடங்கினவ, 11.25க்கு கரண்ட் போய்விட்டது. லப்டொப்பின் பற்றரி செத்து மாதக்கணக்கு, கரண்ட் போனால் அதுவும் போகும். ஃபைல் அதுவரை `Untitled-1`. கரண்ட் வந்த பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் யூடியூப்பில் பார்த்ததாம், `%temp%` இல் `Photoshop Temp` என்று தொடங்கும் ஃபைல் இருக்கும், அதன் பெயரை `.psd` என்று மாற்றினால் திறக்கும் என்றார். இந்த வைத்தியம் கனகாலமாகச் சுற்றுகிறது. அந்த ஃபைல் போட்டோஷொப் தன் நினைவகம் போதாதபோது துண்டு துண்டாக எழுதித் தள்ளுகிற இடம். படமாக ஒழுங்குபடுத்தி எழுதப்பட்டது அல்ல. பெயரை மாற்றினால் பெயர்தான் மாறும்.

அவ `AutoRecover` ஐத் திறந்தா. ஒரே ஒரு `.psb`, 61 எம்பி. கடைசியாக எழுதப்பட்ட நேரம் 11.18. இந்த நேரமும் அளவும்தான் முதலில் பார்க்க வேண்டிய இரண்டு விசயங்கள். நேரம், எவ்வளவு வேலை போயிருக்கு என்று சொல்லும். இங்கே ஏழு நிமிச வேலை. அளவு, ஃபைல் முழுசா என்று ஊகிக்க உதவும். பிரதி எழுதிக்கொண்டிருக்கேக்கயே கரண்ட் போனால் ஃபைல் பாதியில் அறுந்திருக்கும். இத்தனை லேயர் உள்ள போஸ்டருக்கு ஒன்றிரண்டு எம்பி மட்டும் காட்டினால் சந்தேகப்படுங்கள். திறக்கேக்க `unexpected end-of-file` என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். 61 எம்பி நம்பக்கூடிய அளவு. கொப்பி பண்ணி, அந்தக் கொப்பியைத் திறந்து, புதுப் பெயரில் `.psd` ஆக சேவ் பண்ணினா. லேயர்கள் எல்லாம் இருந்தது. பின்னுக்குப் போகிற `Undo` வரலாறு மட்டும் இல்லை, அது பிரதியில் எழுதப்படுவதில்லை.

எல்லாரும் கைதட்டி முடித்த இடத்தில்தான் உண்மையான ஆபத்து இருந்தது. 11.20 அளவில்தான் வட்ஸ்அப்பில் ஒரு திருத்தம் வந்து, பிரதம விருந்தினரின் பெயரில் ஒரு எழுத்தும், தொடங்கும் நேரமும் மாற்றப்பட்டிருந்தது. மீட்ட ஃபைல் 11.18இனுடையது. அதில் பழைய பெயர், பழைய நேரம். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, முடிந்த போஸ்டர் போலவே இருக்கிறது. காலை அச்சகத்துக்கு அப்படியே போயிருந்தால் 200 பிரதியில் விருந்தினரின் பெயர் பிழையாக வந்திருக்கும். பிறகு "போஸ்டர் செய்த ஆள்" என்றுதான் எல்லாரும் விரல் நீட்டுவினம். அவ 11.18க்குப் பிறகு வந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்பிட்டதால் தப்பியது.

மீட்பு என்ற சொல் எங்களை ஏமாற்றுகிறது. தொலைந்தது திரும்பி வந்ததாக நினைக்கிறம். திரும்பி வந்தது கொஞ்ச நேரத்துக்கு முந்தின ஒரு ஃபைல். அந்த இடைவெளிக்குள் நடந்த திருத்தங்கள் எவை என்று ஃபைலுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே ஃபைலின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதுக்குப் பிறகு செய்ததை ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் மீட்பு முடிந்ததாகச் சொல்லக்கூடாது.

எங்கட ஊருக்கே உரிய இன்னொரு பொறியும் இருக்கு. பயத்தில் மீட்ட ஃபைலை நண்பரின் மெஷினில் திறந்து பார்ப்பம். அந்த மெஷினில் பாமினி எழுத்துரு இல்லாவிட்டால் போட்டோஷொப் எழுத்துரு இல்லை என்று எச்சரிக்கும். பார்வைக்கு எழுத்து சரியாகத் தெரியலாம். ஆனால் வேறு எழுத்துருவை மாற்றிப் போடச் சம்மதித்தால், தமிழ் என்று இருந்த இடத்தில் `jkpo;` என்று வரும். ஃபைல் பழுதாகவில்லை, பாமினி உள்ளே சேமிப்பது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். பழுது என்று நினைத்து எறிந்துவிடாமல், எழுத்துரு உள்ள மெஷினில் திறவுங்கள்.

"போட்டோஷொப் இல்லை, நான் கிம்ப் பாவிக்கிறன்" என்பவர்களுக்கு நிலைமை வேறு. கிம்ப் 2.10 இலிருந்து, மென்பொருள் தானாக விழுந்தால் விழுகிற நேரத்தில் படத்தைக் காப்பாற்றப் பார்த்து, அடுத்தமுறை திறக்கேக்க மீட்கவா என்று கேட்கும். ஆனால் போட்டோஷொப் மாதிரி இத்தனை நிமிசத்துக்கு ஒருக்கா என்று எழுதி வைப்பதில்லை. கரண்ட் போனால் காப்பாற்ற அதுக்கு ஒரு கணமும் கிடைக்காது, ஃபோல்டரில் தேடியும் பிரயோசனம் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின நாட்டில், கிம்பில் வேலை செய்கிறவர் கையால் சேவ் பண்ணுகிறதைத் தவிர வேறு வழி இல்லை.

போட்டோஷொப்பிலும் சிலர் இந்த வசதியை நிறுத்தி வைத்திருப்பினம். பழைய லப்டொப்பில் பெரிய ஃபைல் பிரதியாகும்போது மெஷின் இழுக்கும், அதனால் "ஸ்லோ ஆகுது" என்று நிறுத்துவது. A3 போஸ்டரில் முழுத்தாளையும் மூடுகிற ஒரு லேயரே சுருக்காமல் 50 எம்பிக்கு மேல் வரும் என்பதால் அந்த இழுவை உண்மைதான். ஆனாலும் `Edit > Preferences > File Handling` க்குப் போய் `Automatically Save Recovery Information Every` என்பதில் சரி அடையாளம் இருக்கா என்று இன்றைக்கே பாருங்கள். பற்றரி செத்த லப்டொப் என்றால் 10ஐ 5 ஆக்குங்கள். சில செக்கன் இழுவை, ஐந்து நிமிச வேலையை விடப் பெரிசில்லை.

மன்றங்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கு. பெயர், திகதி, நேரம், இடம் என்று பத்து மெசேஜில் துண்டு துண்டாக அனுப்பி, பதினொன்றாவதில் திருத்தம் போடாதீர்கள். விபரம் முழுவதையும் யூனிகோடில் ஒரே இடத்தில் எழுதி, திருத்தினால் அங்கேயே திருத்துங்கள். மெஷின் விழுந்த இரவில் மீட்ட போஸ்டரை எதோடு ஒப்பிடுவது என்று செய்கிறவருக்குத் தெரிய வேணும். `AutoRecover` லேயர்களைத் திருப்பித் தரும். விருந்தினரின் பெயரைச் சரி பார்க்கிற வேலை எங்களுடையது.