வட்டி தருவதை மாற்று வீதம் வாங்கிவிடும்

"அங்க 2 வீதம், இங்க 10 வீதம். காசை இங்க போடச் சொல்லு." முள்ளிவாய்க்காலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் கனடாத் தம்பியைப் பற்றிச் சொன்னது. கணக்கை முழுதாகப் பார்ப்போம். 1 அமெரிக்க டொலர் 200 ரூபாய் என்றால், 1,000 டொலர் 2 இலட்சமாகும், வட்டியோடு 2,20,000. ஆனால் அதை மீண்டும் டொலராக்க வேண்டும். ஓராண்டு கழித்து வாங்கும் டொலருக்கு இன்றே விலை பேசினால், வங்கி 200 சொல்லாது. இரு வட்டிக்கும் உள்ள இடைவெளியைச் சேர்த்து ஏறத்தாழ 215.70 சொல்லும். கைக்கு வருவது 1,020 டொலர். அங்கேயே கிடைத்திருக்கும் அதே 2 வீதம்தான். விலை பேசாமல் விட்டால் அது பந்தயம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ஆக இருந்த அமெரிக்க டொலர், மே நடுப்பகுதியில் 360ஐத் தொட்டது. அந்த விலையில் 2,20,000 ரூபாய்க்குக் கிடைப்பது 611 டொலர். 2023இல் ரூபாய் மீண்டபோது சிலர் வென்றதும் உண்மை. அது துணிந்ததற்குக் கிடைத்த கூலி. தம்பியின் காசு ஊரிலேயே செலவாகுமென்றால் வைக்கட்டும். திரும்பிப் போகவேண்டிய காசென்றால், வட்டியை மட்டும் பார்த்து அனுப்பச் சொல்லாதீர்கள்.