டிடிஎஸ் பிடித்தால் வரி முடிந்துவிடுமா?

வாடகை வாங்குகிறவர்கள் வட்டாரத்தில் ஒரு வாதம் சில ஆண்டுகளாக உலவுகிறது. “குடியிருப்பவரே டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டார். அந்தப் பணத்துக்கு வரி தீர்ந்தது. ரிட்டர்னில் காட்டினாலும் காட்டாவிட்டாலும் ஒன்றுதான். நோட்டீஸ் வந்தால் பேசாமல் இருந்துவிட வேண்டும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு வரிகூட நிற்காது.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 63, ஓய்வூதியர். சொந்த வீட்டில் இருக்கிறார். சென்னையில் இன்னொரு அடுக்ககத்தை மாதம் 55,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறார். குடியிருப்பவர் மாதச் சம்பளக்காரர். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் தனிநபரும் வரி பிடித்தாக வேண்டும் என்பது 2017 ஜூன் முதல் இருக்கும் விதி (பிரிவு 194-ஐபி). 2023-24 நிதியாண்டில் விகிதம் 5 சதவீதம். 2024 அக்டோபரில்தான் அது 2 ஆகக் குறைந்தது. மாதாமாதம் பிடிக்க வேண்டியதில்லை, ஆண்டின் கடைசி மாதத்தில் மொத்தமாகப் பிடித்தால் போதும். ஆண்டு வாடகை 6,60,000. அதில் 5 சதவீதம் 33,000. ஆக, மார்ச் மாதம் உரிமையாளர் கைக்கு வந்தது வெறும் 22,000. ‘வரி போய்விட்டது’ என்ற எண்ணம் அவர் மனதில் ஊன்றியதும் அந்த மாதம்தான். ஜூலையில் ஓய்வூதியத்தை மட்டும் காட்டி ITR-1 தாக்கல் செய்துவிட்டார்.

அந்த 33,000 என்பது முன்பணம் மாதிரி. முழு வரி அல்ல. சொத்து வரியாக அவர் கட்டிய 12,000-ஐக் கழித்தால் 6,48,000. பழுது, பராமரிப்பு என்று ரசீது எதுவும் கேட்காமல் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு 1,94,400. மிஞ்சும் 4,53,600-தான் வரிக்குரிய வாடகை வருமானம். ஓய்வூதியத்தில் நிலையான கழிவு போக 9 லட்சம் என்று வைத்தால், புதிய வரி முறையில் அதற்கான வரி செஸ் சேர்த்து 46,800. வாடகையும் சேர்ந்தால் மொத்த வருமானம் 13,53,600, வரி 1,25,549. வித்தியாசம் 78,749. அதில் 33,000 கழிந்தால் இன்னும் 45,749 பாக்கி. பிடித்தவருக்கு உரிமையாளரின் மற்ற வருமானம் தெரியாது. அவர் எந்த அடுக்கில் வரி கட்டுகிறவர் என்பதும் தெரியாது. தெரியாதவர் பிடித்த தொகை சரியான வரியாக அமைந்தால் அது தற்செயல்.

அடுத்த வாதம், “இவ்வளவு சின்ன வாடகையைத் துறை எங்கே தேடிப் பிடிக்கப் போகிறது?” தேடவே வேண்டாம். குடியிருப்பவர் தாக்கல் செய்யும் 26QC படிவத்தில் உரிமையாளரின் பான், வீட்டு முகவரி, குடியிருந்த காலம், வாடகைத் தொகை எல்லாம் இருக்கிறது. அது நேராக 26AS-க்கும், 2021 நவம்பரில் வந்த ஆண்டுத் தகவல் அறிக்கைக்கும் (AIS) போய் உட்கார்ந்துகொள்கிறது. நிறுவனம் வாடகைக்கு இருந்தால் அதன் காலாண்டு அறிக்கையான 26Q அதே வேலையைச் செய்யும். ரிட்டர்னில் வீட்டு வருமானப் பகுதி காலியாக இருக்க, இந்தப் பக்கம் 6,60,000 நின்றால், வேறுபாட்டைக் காட்ட எந்த அதிகாரியும் தேவையில்லை.

“2024-இல் வாரியமே இதெல்லாம் வதந்தி என்று சொன்னதே” என்பவர்களும் உண்டு. பாதி உண்மை. வீட்டு வாடகைப் படி விஷயத்தில் பழைய கணக்குகளைக் கூட்டமாகத் திறக்கும் சிறப்பு நடவடிக்கை எதுவும் இல்லை என்று நேரடி வரிகள் வாரியம் 2024 ஏப்ரலில் விளக்கியது. ஆனால் அதே விளக்கத்தில், வாடகை கொடுத்தவர் கணக்குக்கும் வாங்கியவர் கணக்குக்கும் பொருந்தாத சில நேர்வுகளைச் சரிபார்த்ததையும், திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இருக்கும்போதே எச்சரிப்பதுதான் நோக்கம் என்பதையும் சொல்லியிருந்தது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கடைசி அறிவுரை, பேசாமல் இருப்பது. முதலில் வருவது பெரும்பாலும் நோட்டீஸ்கூட அல்ல. குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும்தான். அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், incometax.gov.in தளத்தில் தானே நுழைந்து `Pending Actions` வழியாக `Compliance Portal` போய் `e-Campaign` பார்ப்பது பாதுகாப்பு. நம் ஓய்வூதியருக்கு 2025 ஆகஸ்டில் அப்படி ஒரு செய்தி வந்ததாக வைப்போம். தொகை சரி என்றால் `Information is correct` என்று பதிய வேண்டும். பதிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அது ஒப்புதல் மட்டுமே. ரிட்டர்ன் தானாகத் திருந்தாது.

திருத்த ரிட்டர்னுக்கான கெடு அதற்குள் போய்விட்டது. மிச்சம் இருப்பது புதுப்பித்த ரிட்டர்ன், ITR-U. 2023-24-க்கு அதை 2026 மார்ச் 31-க்குள் தாக்கல் செய்தால், பாக்கி வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மீது 25 சதவீதம் கூடுதல் வரி. அடுத்த ஆண்டு 50, பிறகு 60, கடைசி ஆண்டு 70. 2029 மார்ச் 31-உடன் வாய்ப்பு முடிகிறது. தொழில் வருமானம் இல்லாத 60 வயது கடந்தவருக்கு முன்வரி கட்டும் கடமை கிடையாது. எனவே அதைக் கட்டாததற்கான வட்டி இவருக்கு இல்லை. இளையவர் என்றால் மாதம் 1 சதவீதம் ஓடியிருக்கும். 45,749-உடன் 11,437 சேர்த்து 57,186 ரூபாயை முதலில் கட்டிவிட்டு, விடுபட்ட 33,000 டிடிஎஸ்ஸையும் உரிமைகோரி, ரிட்டர்னை அனுப்ப வேண்டும். இந்த முறை படிவமும் மாறும்: இரண்டு வீடு இருப்பதால் அந்த ஆண்டுக்கு ITR-1 செல்லாது, ITR-2.

பேசாமலே இருந்திருந்தால்? பிரிவு 148ஏ-யின் கீழ் விளக்கம் கேட்கும் நோட்டீஸ், தொடர்ந்து 148. இவர் கணக்குக்கு 148 நோட்டீஸ் வர 2028 ஜூன் வரை அவகாசம் இருக்கிறது. அது வந்துவிட்டால், 2025-இல் இருந்த விதிப்படி ITR-U போட முடியாது. குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் பாதி அபராதம், இவர் கணக்கில் சுமார் 39,000. வேண்டுமென்றே மறைத்தார் என்று முடிவானால் இருநூறு சதவீதம், ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. நோட்டீஸைக் கண்டு பயந்து, அதிலிருக்கும் தொகைக்கெல்லாம் வரி கட்டுகிறவர்கள். குடியிருப்பவர் தவறாகவும் எழுதியிருக்கலாம். திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸையும் வாடகையோடு கூட்டியிருக்கலாம். ஓர் எண் மாறிய பானில் வேறொருவர் வாடகை விழுந்திருக்கலாம். அப்போது `Information is not fully correct` என்றோ `Information relates to other PAN/Year` என்றோ பதிந்து, சரியான தொகையைத் தர வேண்டும். அந்தக் கருத்து தகவல் கொடுத்தவருக்கே உறுதிப்படுத்தப் போகும். அவர் என்ன சொன்னார் என்பதை 2024 மே முதல் AIS-இலேயே பார்க்கலாம். அவர் ‘நான் எழுதியது சரிதான்’ என்றால் உரிமையாளரிடம் சான்று இருக்க வேண்டும்: ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, அட்வான்ஸ் திருப்பியதற்கான பதிவு. 26QC-யையே குடியிருப்பவரிடம் சொல்லித் திருத்தச் செய்வதுதான் உறுதியான வழி.

கணவனும் மனைவியும் சமபங்கில் வைத்திருக்கும் வீட்டுக்கு, கணவன் பானில் மட்டும் முழு வாடகையும் ஏறிவிடுவது இன்னொரு வாடிக்கை. பங்கு பத்திரத்தில் தெளிவாக இருந்தால் பாதி வாடகைதான் அவருடையது. அவர் பதிலில் அதை விளக்கி, பத்திரத்தின் நகலை வைத்து, தன் பாதியைக் காட்ட வேண்டும். மறுபாதி மனைவியின் ரிட்டர்னில் உண்மையிலேயே இருக்க வேண்டும். டிடிஎஸ்ஸில் மனைவியின் பங்கை அவருக்கு மாற்ற விதி 37பிஏ இடம் தருகிறது. கணவன் பாதியை மறுத்துவிட்டு மனைவி ரிட்டர்னே போடாமல் இருந்தால், அடுத்த நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும்.